ஒத்ததிர்வுக்குக் கொஞ்சம் முன்னால்

நீளமான, மெல்லிய ஸ்பிரிங் ஒன்றில் கால் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள். கல்லின் பாரத்தால் ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லைச் சற்றே கீழே இழுத்து விட்டால் அது மேலும் கீழுமாக ஆடும். ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். அதாவது நிமிடத்துக்கு 60 ஆட்டம். கொஞ்சம் இழுத்து விட்டாலும் அதிகம் இழுத்து விட்டாலும் இந்த 60 மாறாது. அது அந்தக் கல்லுக்கும் அந்த ஸ்பிரிங்குக்கும் சொந்தமான எண். பாடப்புத்தகம் இதை இயல் அதிர்வெண் என்கிறது.

இப்போது கல்லை அசைவில்லாமல் நிறுத்திவிட்டு, ஸ்பிரிங்கின் மேல்முனையைப் பிடித்திருக்கும் கையை ஆட்டுவோம். நடுநிலையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே, ஒரு சென்டிமீட்டர் கீழே, அவ்வளவுதான். ஆனால் கல்லுக்குப் பிடித்த 60-ல் ஆட்டாமல், நிமிடத்துக்கு 54 தடவை ஆட்டுவோம். கைப்பேசியில் இருக்கும் தாளக்கருவிச் செயலி ஒன்றை 54-ல் வைத்தால் போதும்.

முதல் சில விநாடிகளில் கல்லின் ஆட்டம் விறுவிறுவென்று வளர்கிறது. ஐந்தாவது விநாடியில் அது பத்து சென்டிமீட்டரைத் தாண்டி எழுந்து விழுகிறது. கை அசைவது ஒரே சென்டிமீட்டர். இப்படியே பெருகிக்கொண்டு போகும் என்று எதிர்பார்க்கும்போது ஆட்டம் தளர ஆரம்பிக்கிறது. பத்தாவது விநாடியில் கல் கிட்டத்தட்ட நின்றே விடுகிறது. கை மட்டும் விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. பிறகு மறுபடியும் பெருக்கம், மறுபடியும் தளர்ச்சி. பத்து விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் இந்த அலைவுக்கு விம்மல் என்று பெயர்.

ஒத்ததிர்வைப் பற்றிப் பள்ளியில் நாம் படிக்கும் படம் வேறு மாதிரியானது. கொடுக்கும் அதிர்வெண்ணைக் கிடைக்கோட்டிலும் ஆட்டத்தின் வீச்சைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து மலைமுகடு போல ஒரு வளைகோடு வரைவார்கள். இயல் அதிர்வெண்ணில் முகடு. அதிலிருந்து விலக விலகச் சரிவு. அந்தப் படத்தில் தவறேதும் இல்லை. ஆனால் அதில் நேரம் என்ற ஒன்றே கிடையாது. எல்லாம் ஓய்ந்து ஒரு நிலைக்கு வந்த பின்னால் என்ன இருக்கும் என்பதை மட்டும் அது காட்டுகிறது. கல் நின்ற நிலையிலிருந்து அந்த இறுதி நிலைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை அது சொல்வதில்லை. விம்மல் பிறப்பது அந்த இடைப்பட்ட காலத்தில்தான்.

கணக்கை எழுதிப் பார்ப்போம். கல்லின் நிறை m, ஸ்பிரிங்கின் விறைப்பு k, கை கொடுக்கும் அசைவு Y cos ωt, கல்லின் இடப்பெயர்ச்சி x என்று கொண்டால், நியூட்டனின் இரண்டாம் விதி தருவது இது:

m x″ + k x = k Y cos ωt

இதில் ω என்பது கையின் அதிர்வெண்ணை 2π-யால் பெருக்கியது. கல்லின் சொந்த அதிர்வெண்ணுக்கும் அப்படியே ω₀ என்று எழுதிக்கொள்வோம்; ω₀² = k/m. காற்றின் தடையை இப்போதைக்கு மறந்துவிடுவோம். பின்னால் அதை அழைத்துக்கொள்ளலாம்.

கை சொல்கிறபடி, கையின் வேகத்திலேயே ஆடும் ஒரு விடை இந்தச் சமன்பாட்டுக்கு உண்டு. அதன் வீச்சை A என்றால்,

A = Y ω₀² / (ω₀² − ω²)

நம் எண்களைப் போடுவோம். ω என்பது ω₀-ல் 0.9 பங்கு. 0.9-ஐ வர்க்கப்படுத்தினால் 0.81. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.19. ஒரு சென்டிமீட்டரை 0.19-ஆல் வகுத்தால் 5.26 சென்டிமீட்டர். ஆக A cos ωt என்று ஆடிக்கொண்டிருந்தால் கல்லுக்கும் கைக்கும் இடையே எந்தப் பிணக்கும் இல்லை.

சிக்கல் தொடக்கத்தில் இருக்கிறது. கடிகாரம் சுழியத்தைக் காட்டும்போது A cos ωt-ன் மதிப்பு 5.26 சென்டிமீட்டர். நம் கல்லோ அப்போது அசையாமல் நடுநிலையில் நிற்கிறது. இரண்டும் பொருந்தவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப ஒரே வழிதான் உண்டு: கல் தன் சொந்த அதிர்வெண்ணில் ஆடும் இன்னோர் ஆட்டத்தையும் கூடவே எடுத்துக்கொள்வது. அந்த இரண்டாவது ஆட்டம் தொடக்கத்தில் சரியாக மைனஸ் 5.26 ஆக இருந்தால் கூட்டுத்தொகை சுழியமாகிவிடும். ஆகவே முழு விடை:

x = A (cos ωt − cos ω₀t)

இந்த ஒரு வரியில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. முதல் உறுப்பு கையினுடையது, இரண்டாவது கல்லினுடையது. கல் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டதால்தான் இரண்டாவது உறுப்பே வந்தது. இரண்டின் அளவும் ஒன்று. ஆனால் ஒன்று நிமிடத்துக்கு 54, மற்றது 60. முதலில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு கிடக்கும் இவை, வேக வித்தியாசத்தால் மெல்ல விலகி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். பிறகு மறுபடியும் அழித்துக்கொள்ளும். இப்படிச் சொல்லிவிடலாம்தான். ஆனால் எப்போது, எவ்வளவு, எந்த வேகத்தில் என்று கேட்டால் இந்தக் கழித்தல் வடிவம் வாயைத் திறக்காது. அதைப் பேச வைப்பது பதினோராம் வகுப்பு முக்கோணவியலில் வரும் ஒரு முற்றொருமை.

அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டே வரிகளில் வருவித்துவிடலாம். கோணங்களின் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் உரிய விதிகள் நமக்குத் தெரியும்:

cos(P − Q) = cos P cos Q + sin P sin Q
cos(P + Q) = cos P cos Q − sin P sin Q

மேல்வரியிலிருந்து கீழ்வரியைக் கழித்தால் கொசைன் பெருக்கல்கள் ஒழிந்துபோகின்றன. மிச்சம்:

cos(P − Q) − cos(P + Q) = 2 sin P sin Q

இப்போது P-யும் Q-வும் என்னவென்று தேர்ந்தெடுப்பதுதான் வேலை. P − Q நமக்கு ωt ஆக வேண்டும். P + Q என்பது ω₀t ஆக வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் P கிடைக்கும், கழித்துப் பாதியாக்கினால் Q கிடைக்கும். ஆக P என்பது இரண்டு அதிர்வெண்களின் சராசரி. Q என்பது அவற்றின் வித்தியாசத்தில் பாதி. விடை இப்படி மாறுகிறது:

x = 2A sin[(ω₀ − ω)t/2] · sin[(ω₀ + ω)t/2]

ஒரு கழித்தல் பெருக்கலாகிவிட்டது. இதைத்தான் நான் முக்கோணவியலின் நல்ல கொடைகளில் ஒன்றாக நினைக்கிறேன். கழித்தலைப் பார்த்தால் ஆட்டத்தின் உருவம் தெரியாது. பெருக்கலைப் பார்த்தால் தெரிந்துவிடும்: வேகமாக ஆடும் ஒரு சைன், அதன் வீச்சை மெதுவாகக் கூட்டிக் குறைக்கும் இன்னொரு சைன்.

வேகமான சைனை முதலில் கவனியுங்கள். அதன் அதிர்வெண் 60-க்கும் 54-க்கும் சராசரி, அதாவது 57. கல் தன் சொந்த 60-லும் ஆடவில்லை, கையின் 54-லும் ஆடவில்லை. இரண்டுக்கும் நடுவில் 57-ல் ஆடுகிறது. சோதனையில் எண்ணிப் பார்த்தாலும் இதுதான் வரும்.

மெதுவான சைனின் அதிர்வெண், வித்தியாசமான 6-ல் பாதி: நிமிடத்துக்கு 3. அப்படியானால் அது ஒரு சுற்று முடிக்க 20 விநாடி. ஆனால் நாம் பார்த்த விம்மல் 10 விநாடிக்கு ஒன்று. பலர் தடுமாறும் இடம் இது. சைன் ஒரு சுற்றில் ஒருமுறை நேர்க்குறியாகவும் ஒருமுறை எதிர்க்குறியாகவும் புடைக்கிறது. நம் கண்ணுக்கு வீச்சு மட்டும்தான் தெரியும், குறி தெரியாது. ஆகவே ஒரு சுற்றில் இரண்டு பெருக்கங்களைப் பார்க்கிறோம். விம்மலின் அதிர்வெண் என்பது முழு வித்தியாசமேதான்: 60-ல் 54 போனால் 6, நிமிடத்துக்கு ஆறு விம்மல். உச்ச வீச்சு 2A, அதாவது 10.5 சென்டிமீட்டர். இறுதி நிலைக்குரிய 5.26-ஐப் போல இரண்டு மடங்கு.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறி மாற்றத்துக்கும் ஒரு வேலை உண்டு. ஆற்றல் எப்போது யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்த்தால் அது புரியும். கல் மேலே போகும்போது கையும் ஸ்பிரிங்கை மேலே இழுத்தால் கை கல்லுக்கு ஆற்றலைக் கொடுக்கிறது. தொடக்கத்தில் இந்த இசைவு முழுமையாக இருக்கிறது. ஆனால் கல் 57-ல் ஆட, கை 54-ல்தான் ஆடுகிறது. முதல் ஐந்து விநாடியில் கல் 4.75 ஆட்டம் முடிக்கிறது, கை 4.5 முடிக்கிறது. கை கால் ஆட்டம் பின்தங்கிவிட்டது. கால் ஆட்டம் பின்தங்கினால் ஒவ்வோர் ஆட்டத்திலும் கை கொடுப்பதும் எடுப்பதும் சமமாகிவிடும், வளர்ச்சி நிற்கிறது. அதுதான் உச்சம். அதற்கு மேல் பின்தங்கும்போது, கல் மேலே போகும் நேரத்தில் கை கீழே அழுத்தத் தொடங்குகிறது. கொடுத்த கையே எடுத்துக்கொள்கிறது. பத்தாவது விநாடியில் அரை ஆட்டம் பின்தங்கியிருக்கும்போது, கொடுத்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது. அந்தக் கணத்தில் மெதுவான சைனின் குறி மாறுகிறது. அதாவது கல்லின் ஆட்டம் தலைகீழாகிறது. அரை ஆட்டப் பின்தங்கலும் இந்தத் தலைகீழும் ஒன்றையொன்று ஈடுகட்ட, கையும் கல்லும் புதிதாகத் தொடங்கியது போல மறுபடியும் இசைந்து நிற்கின்றன. அடுத்த விம்மல் ஆரம்பம்.

கையை 54-லிருந்து 57-க்கு நகர்த்தினால் என்ன ஆகும்? வித்தியாசம் 3, விம்மல் 20 விநாடிக்கு ஒன்று, உச்ச வீச்சு 20.5 சென்டிமீட்டர். 59-க்கு நகர்த்தினால் வித்தியாசம் ஒன்றே ஒன்று; விம்மல் நிமிடத்துக்கு ஒன்று; கணக்கு சொல்லும் உச்ச வீச்சு 60 சென்டிமீட்டருக்கு மேல். நம் ஸ்பிரிங்கில் அது நடக்காது. கல் 25 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பினால் ஸ்பிரிங்கின் நீட்சி முழுவதும் தீர்ந்துபோய்ச் சுருள்கள் தொய்ந்துவிடும் அல்லது ஒன்றோடொன்று முட்டும். நாம் எழுதிய சமன்பாடு அங்கே செல்லாது. பாலமோ இயந்திரமோ உடைகிற இடமும் பெரும்பாலும் இப்படிச் சமன்பாடு செல்லாமல் போகும் எல்லைதான்.

இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. எல்லாம் தொடங்கி இரண்டாவது விநாடியில் வீச்சு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். 54-ல் ஆட்டினால் 6.2 சென்டிமீட்டர். 57-ல் 6.3. 59-லும் 6.3. சரியாக 60-ல் ஆட்டினாலும் 6.3. நான்குக்கும் வேறுபாடே இல்லை எனலாம். ஐந்தாவது விநாடியில்தான் பிரிவு தெரிகிறது: 54-ல் 10.5, 57-ல் 14.5, 59-லும் 60-லும் 15.7. அப்போதும் 59-ஐ 60-லிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெருக்கல் வடிவமே இதற்குக் காரணம் சொல்கிறது. சின்னக் கோணத்துக்கு சைனின் மதிப்பும் கோணத்தின் மதிப்பும் ஒன்றுதான். ஆகவே தொடக்கத்தில் sin[(ω₀ − ω)t/2] என்பதற்குப் பதில் (ω₀ − ω)t/2 என்றே எழுதலாம். அதே (ω₀ − ω), A-யின் கீழே வகுத்தியிலும் ஒளிந்திருக்கிறது. ω₀² − ω² என்பது (ω₀ − ω)(ω₀ + ω) தானே. மேலும் கீழும் இருக்கும் (ω₀ − ω) அடிபட்டுப்போகிறது. மிஞ்சும் வளர்ச்சியில் வித்தியாசத்தின் சுவடே ஏறத்தாழ இல்லை. ω-வை ω₀-உடன் ஒன்றாகவே ஆக்கினால் கிடைப்பது:

x = (ω₀Yt/2) sin ω₀t

இதுதான் தடையில்லாத ஒத்ததிர்வு. வீச்சு நேரத்தோடு நேர்கோட்டில் ஏறுகிறது, நம் கல்லுக்கு விநாடிக்கு 3.14 சென்டிமீட்டர் வீதம். A-யின் சூத்திரத்தில் ω = ω₀ என்று நேரடியாகப் போட்டால் சுழியத்தால் வகுக்க வேண்டி வந்து, வீச்சு முடிவிலி என்று பயமுறுத்தும். உண்மையில் எந்தக் கணத்திலும் முடிவிலி கிடையாது. ஒத்ததிர்வு என்பது முடிவே இல்லாமல் நீண்டுவிட்ட ஒரு விம்மல். அதன் ஏறுமுகம் மட்டும் நமக்குத் தெரிகிறது.

இதனால் ஒரு நடைமுறை விளைவு உண்டு. கொடுக்கும் அதிர்வெண்ணுக்கும் இயல் அதிர்வெண்ணுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சிறியதோ, அதைக் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு கருவிப்பெட்டியை அதிர்வு மேசையில் ஏற்றிச் சோதிப்பவர், அதிர்வெண்ணை மாற்றிய சில விநாடிகளில் அளவை எழுதிக்கொண்டு அடுத்த அதிர்வெண்ணுக்குப் போனால், அவர் எழுதுவது விம்மலின் ஏதோ ஒரு கணம். அது தாழ்ந்த கணமாக இருந்தால் ஆபத்தான அதிர்வெண்ணைப் பாதுகாப்பானது என்று குறித்துவிடுவார். உச்சமாக இருந்தால் உண்மையைப் போல இரண்டு மடங்கு. அளவு ஏறி இறங்குவது அடங்கும்வரை பொறுத்திருந்து எழுதினால்தான் அது இறுதி நிலையின் அளவு.

அடங்கும் என்று சொல்வதற்குக் காரணம், நாம் ஒதுக்கி வைத்த தடை. காற்று, ஸ்பிரிங்குக்குள்ளேயே இருக்கும் உராய்வு, கையின் தசை என்று எல்லாம் கல்லின் சொந்த ஆட்டத்தைத் தின்கின்றன. கையின் ஆட்டத்தை அப்படித் தின்ன முடியாது. கை அதை ஒவ்வொரு கணமும் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. ஆக, x-ன் இரண்டு உறுப்புகளில் ஒன்று சாகிறது, மற்றது வாழ்கிறது.

கல்லின் அடியில் ஓர் அட்டையை ஒட்டிக் காற்றுத் தடையைக் கூட்டிவிட்டோம், அதனால் சொந்த ஆட்டம் 20 விநாடிக்கு ஒருமுறை பாதியாகிறது என்று கொள்வோம். முதல் உச்சம் 10.5-க்குப் பதில் 9.7 சென்டிமீட்டர். பத்தாவது விநாடியில் கல் நிற்பதில்லை. ஒன்றரை சென்டிமீட்டர் ஆட்டம் மிச்சமிருக்கிறது. அடுத்த உச்சம் 8.4. அடுத்த பள்ளம் 2.6. உச்சங்கள் இறங்கிக்கொண்டும் பள்ளங்கள் தூர்ந்துகொண்டும் வருகின்றன. ஒரு நிமிடம் கழித்து வீச்சு 4.6-க்கும் 5.9-க்கும் இடையில்தான் அசைகிறது. அதற்குப் பின் கல் 5.26 சென்டிமீட்டர் வீச்சோடு, கையின் 54-ல், ஒழுங்காக ஆடிக்கொண்டிருக்கும். பாடப்புத்தகத்தின் மலைமுகடு காட்டிய நிலை இதுதான்.

விம்மல் தொடக்கத்தின் பிள்ளை என்பதை இன்னொரு விதத்திலும் சோதிக்கலாம். கை தன் மேல் எல்லையில் இருக்கும் கணத்தில், கல்லை நடுநிலைக்கு 5.26 சென்டிமீட்டர் மேலே பிடித்திருந்து, கை ஆடத் தொடங்கும்போதே அதை விட்டுவிடுங்கள். இப்போது நிரப்ப வேண்டிய இடைவெளி எதுவும் இல்லை. சொந்த ஆட்டம் பிறக்கவே இல்லை. முதல் விநாடியிலிருந்தே விம்மல் இல்லாமல் கல் சீராக ஆடும்.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். முதலாவது, கல்லைப் பார்த்துக்கொண்டே கையை ஆட்டாதீர்கள். கண் பார்த்தால் கை தன்னையறியாமல் கல்லின் தாளத்துக்கு மாறிவிடும்; விம்மல் வராது, ஒத்ததிர்வுதான் வரும். ஊஞ்சலைத் தள்ளிவிடுபவர் விம்மலைக் காணாததற்கும் இதே காரணம்: ஊஞ்சல் திரும்பி வரும்போது தள்ளுகிறாரே தவிர, கடிகாரத்தைப் பார்த்துத் தள்ளுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு செயலியின் ஒலியை மட்டும் கேட்டு ஆட்டுங்கள். கல்லை இன்னொருவர் பார்க்கட்டும்.

இரண்டாவது, 60 என்ற எண்ணை ஸ்பிரிங்கின் நீட்சியிலிருந்து கணக்கிட்டு நம்பிவிடாதீர்கள். ஸ்பிரிங்கின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கல்லோடு சேர்ந்து ஆடுவதால் உண்மையான எண் சற்றுக் குறையும். இங்கே எல்லாமே வித்தியாசத்தில்தான் இருக்கிறது. 60-க்குப் பதில் 58 என்றால் விம்மல் 10 விநாடியிலிருந்து 15 விநாடிக்குப் போய்விடும். கல்லைத் தனியாக ஆடவிட்டு 30 ஆட்டங்களுக்கு எடுக்கும் நேரத்தை அளப்பதே சரி.

மூன்றாவது வினோதமானது. மேலும் கீழும் ஆடிய கல் திடீரென்று பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்கலாம். பிடிக்கும் இடத்திலிருந்து கல் வரை மொத்த நீளம், நீட்சியைப் போல நான்கு மடங்காக இருந்தால், நம் கல்லுக்கு ஒரு மீட்டர், பக்கவாட்டு ஊசலின் வேகம் மேல்கீழ் ஆட்டத்தில் சரிபாதியாகிவிடும். அப்போது ஆற்றல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கசியும். அதுவும் ஏறி இறங்குகிற ஆட்டம்தான், ஆனால் நம் சூத்திரம் சொல்லும் விம்மல் அல்ல. கல் ஒரே செங்குத்துக் கோட்டில் ஆடுகிறதா என்று பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். நீளத்தை மாற்றினால் சரியாகிவிடும்.

விம்மல் என்றதும் இசை தெரிந்தவர்களுக்குத் தம்புரா நினைவுக்கு வரும். சாரணி, அனுசாரணி என்ற இரண்டு நடுத்தந்திகளையும் ஒரே ஸட்ஜத்தில் சேர்க்கும்போது, சுருதி சற்றே விலகியிருந்தால் ஒலி ஏறி இறங்குவது கேட்கும். முடுக்க முடுக்க அந்த ஏற்ற இறக்கம் மெதுவாகி மறைகிறது. கணிதம் ஒன்றே, முற்றொருமையும் அதேதான். ஆனால் மூலம் வேறு. அங்கே இரண்டு அதிர்வெண்களும் இரண்டு தந்திகளிலிருந்து வருகின்றன. நம் கல்லில் ஒன்று வெளியிலிருந்து வருகிறது, மற்றது கல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பட்டறையில் இந்த வேறுபாடு வேலையைத் தீர்மானிக்கும். அருகருகே இரண்டு மோட்டார்கள், ஒன்று நிமிடத்துக்கு 1470 சுற்று, மற்றது 1460. தரை ஆறு விநாடிக்கு ஒருமுறை அதிர்ந்து அடங்கும். இயந்திரங்கள் ஓடும் வரை அது ஓயாது, ஏனென்றால் இரண்டு மூலங்களும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. மாறாக, ஒரே மோட்டாரை இயக்கியவுடன் ஏறி இறங்கி, சிறிது நேரத்தில் அதிர்வு சீராகிவிட்டால், அது மோட்டாருக்கும் அது உட்கார்ந்திருக்கும் சட்டகத்தின் இயல் அதிர்வெண்ணுக்கும் இடையிலான விம்மல். அதன் கால அளவைக் கொண்டே இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று சொல்லிவிடலாம். மோட்டாரின் வேகம் அதிகமா, சட்டகத்தினுடையது அதிகமா என்பதை மட்டும் அதிலிருந்து சொல்ல முடியாது. சைனுக்குக் குறி தெரிந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. வேகத்தைச் சற்றே கூட்டி மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டும். விம்மல் நீண்டால் நாம் இயல் அதிர்வெண்ணை நோக்கிப் போகிறோம், குறுகினால் விலகுகிறோம்.

இந்தக் கணக்கு முதலில் பெரிய அளவில் பயன்பட்ட இடங்களில் ஒன்று கப்பல். பொறியாளர் இஸம்பார்ட் புரூனல் கேட்டுக்கொண்டதால் கப்பல்கள் கடலில் உருளுவதை ஆராயத் தொடங்கிய இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட், 1861-ல் தன் கோட்பாட்டை வெளியிட்டார். கப்பலைச் சாய்த்து விட்டால் அது தனக்கே உரிய கால அளவில் இருபுறமும் உருளும். அலைகள் அதை வேறொரு கால அளவில் உருட்டப் பார்க்கின்றன. கல்லும் கையும்தான், அளவு மட்டும் மாறியிருக்கிறது.

பத்து விநாடிக்கு ஒருமுறை உருளும் கப்பலை, ஒன்பது விநாடிக்கு ஒருமுறை வரும் அலைகள் பக்கவாட்டில் தாக்குகின்றன என்று கொள்வோம். 90 விநாடியில் அலைகள் பத்து, கப்பலின் சொந்த உருளல் ஒன்பது, வித்தியாசம் ஒன்று. ஆகவே ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை கப்பல் கடுமையாக உருண்டு, பிறகு ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும். அலையின் உயரம் மாறவே இல்லை. மேல்தளத்தில் நிற்பவருக்கு நாற்பத்தைந்தாவது விநாடியில் கடல் கொந்தளிப்பதாகவும் தொண்ணூறாவது விநாடியில் அமைதியாகிவிட்டதாகவும் தோன்றும். உண்மையான கடலில் அலைகள் இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. கால அளவும் உயரமும் மாறி மாறி வருவதால் கப்பலின் சொந்த உருளல் ஓய்வதற்குள் ஒவ்வொரு அலைக்கூட்டமும் அதைப் புதிதாகத் தொடங்கி வைக்கும். அதனால் அங்கே விம்மல் ஒழுங்கில்லாமல் வந்துகொண்டேயிருக்கும்.

கேப்டனால் அலையை மாற்ற முடியாது. ஆனால் அலையைச் சந்திக்கும் கால அளவை மாற்ற முடியும்: வேகத்தையோ திசையையோ மாற்றினால் அலைகள் கப்பலை வந்து மோதும் இடைவெளி மாறிவிடும். அது ω-வை ω₀-விலிருந்து நகர்த்துவது. கப்பல் கட்டுபவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. அடிப்பகுதி வளையும் இடத்தில் இருபுறமும் நீளவாக்கில் குறுகலான தகடுகளைப் பொருத்தினால், கப்பல் உருளும்போது அவை நீரைக் கலக்கிச் சுழல்களை உண்டாக்கி ஆற்றலை இழக்கச் செய்யும். ஃப்ரூட் 1870-களின் தொடக்கத்தில் கிரேஹவுண்ட் என்ற போர்க்கப்பலில் இத்தகைய தகடுகளைப் பொருத்தி, அவை இல்லாத பெர்சியஸ் கப்பலோடு ஒப்பிட்டுக் காட்டினார். தகடு உள்ள கப்பல் தெளிவாகவே குறைவாக உருண்டது. நம் கல்லின் அடியில் ஒட்டிய அட்டை செய்ததையேதான் அவை செய்கின்றன: உச்சத்தைத் தாழ்த்துகின்றன, சொந்த உருளலை விரைவில் தீர்த்துவிடுகின்றன. அலையும் கப்பலும் ஒரே கால அளவில் சந்தித்துவிட்டாலோ, வித்தியாசம் இல்லாததால் கப்பலை நிமிர்த்த விம்மலின் இறங்குமுகம் வராது. அப்போது உருளலுக்கு எல்லை போடுவது இந்தத் தடை மட்டுமே.